பெங்களூரா, சொந்த ஊரா: பிள்ளை ஆறாம் வகுப்பு போகும் முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் வேலை கிடைத்து, முதலில் தனியாக வந்து, நாலு பேரோடு ரூமில் தங்கி, கொஞ்சம் கால் ஊன்றிய பிறகு குடும்பத்தைக் கூட்டி வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது வாடகைக் கணக்கைத்தான். அதை ஓரமாக வையுங்கள். வாடகை வீடு பிடிக்கவில்லையென்றால் 11 மாத அக்ரிமென்ட் முடிந்ததும் காலி செய்துவிடலாம். வேலையையும் மாற்றலாம், கஷ்டம்தான், ஆனால் மாற்றலாம். பிள்ளையின் படிப்பில் மட்டும் சில கதவுகள் ஒரு குறிப்பிட்ட வகுப்பில் மூடிக்கொள்கின்றன, அப்புறம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திறக்காது. அதனால் "பிள்ளை இப்போது எத்தனாவது படிக்கிறது" என்பதுதான் முதல் கேள்வி.

இது முக்கியமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு எழுதுவது. இங்கிருந்து ஊருக்கு ஒரே பகலில் போய் வர முடிகிறவர்களுக்குத்தான் இரண்டில் எது என்ற குழப்பமே வருகிறது.

ஆறாம் வகுப்பு என்ற எல்லைக்கோடு

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். 2020இல் வந்த சட்டம். அடுத்த ஆண்டே அதே 7.5 சதவீதத்தைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள் என்பதும், அந்த இடத்தில் சேர்கிற பிள்ளைக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதும் பெங்களூரில் இருக்கிற நம்ம ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன், இரண்டும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்கில்தான் ஓடுகின்றன. ஏழாம் வகுப்பில் ஊருக்குத் திரும்பினால் இதெல்லாம் கிடையாது.

இங்கே ஒரு இடத்தில் நிறைய பேர் வழுக்குகிறார்கள். 7.5 சதவீதத்துக்கு அரசு உதவி பெறும் பள்ளி செல்லாது. ஊரில் பேர் போன பழைய உயர்நிலைப் பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள்தான், போர்டைப் பார்த்தால் அரசுப் பள்ளி மாதிரியே இருக்கும். சேர்க்கும்போதே தலைமை ஆசிரியரிடம் "இது அரசுப் பள்ளியா, உதவி பெறுவதா" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

சரி, கர்நாடகப் பக்கம் பார்ப்போம். பெங்களூரிலேயே படிக்க வைத்து, பிள்ளை இங்கேயே மாநில ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் சேர வேண்டுமென்றால், பொதுவான வழி இதுதான்: முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாவது வரை மொத்தத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாவதையோ இரண்டாம் பியூசியையோ இங்கே தேறியிருக்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளியானாலும் கர்நாடகத்துக்குள் இருந்தால் அந்த ஆண்டுகள் சேரும். இப்போது எண்ணிப் பாருங்கள். ஆறாவதில் வந்து சேர்ந்தால் பன்னிரண்டு முடிய சரியாக ஏழு. ஏழாவதில் வந்தால் ஆறுதான்.

அதாவது இரண்டு மாநிலமும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே வகுப்பில் கோடு போட்டிருக்கின்றன. ஐந்தாவது முடிகிற ஏப்ரலுக்குள் எங்கே என்று முடிவு செய்துவிட்டால் ஒரு கதவாவது முழுசாகத் திறந்திருக்கும். ஏழாவதிலோ எட்டாவதிலோ மாற்றினால் இந்தப் பக்கம் ஏழு வருடம் நிறையாது, அந்தப் பக்கம் ஆறு முதல் பன்னிரண்டு நிறையாது. பிள்ளை ஒன்றாவது இரண்டாவது என்றால் அவசரப்பட வேண்டாம், ஓரிரு வருடம் இங்கே இருந்து பார்க்கலாம். நாலாவது என்றால் இந்த வருடமே உட்கார்ந்து பேசுங்கள்.

கதவு அடைபட்டால் தமிழ்நாட்டுக் கல்லூரிக்கே வர முடியாது என்று பயப்பட வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழை வாங்கி வந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் அதைக் கொடுக்கிற தாலுகா ஆபீசில் பெற்றோர் அந்த ஊர்க்காரர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். வீட்டை விற்று, ரேஷன் கார்டையும் ஒப்படைத்துவிட்டு, ஓட்டையும் மாற்றிக்கொண்டு போனவர்களுக்கு அந்த நேரத்தில்தான் அலைச்சல் ஆரம்பிக்கும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வாங்கிய பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதிச் சான்றிதழ்களை வைத்துக் கர்நாடக மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. வேலைக்காகக் குடிபெயர்ந்தவர்களுக்கு அவர்களுடைய சொந்த மாநிலத்தில்தான் அந்த உரிமை. ஆகவே பெங்களூரில் ஏழு வருடக் கணக்கு நிறைந்தாலும் பிள்ளை பெரும்பாலும் பொதுப் பிரிவில்தான் போட்டி போடும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

மொழியும் இருக்கிறது. கர்நாடகத்தில் 2015இல் வந்த சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடமாக இருந்தே ஆக வேண்டும். ஒன்றாவதில் சேர்கிற பிள்ளை அதைத் தெருவிலேயே கற்றுக்கொள்ளும், ஆறாவதில் வருகிற பிள்ளை எழுத்திலிருந்து தொடங்க வேண்டும், முதல் வருடம் மார்க் விழும், அதற்காகத் திட்டாதீர்கள். தலைகீழாகவும் இதே சிக்கல்தான். தமிழ் எழுத்தே தெரியாமல் எட்டாவதில் ஊருக்குத் திரும்புகிற பிள்ளை மூன்றே வருடத்தில் பத்தாவது தமிழ்த் தாளை எழுதியாக வேண்டும். பெங்களூரிலேயே இருக்கப் போகிறோம் என்றாலும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் தமிழ் எழுதப் படிக்க வையுங்கள், திரும்பிப் போகும் வழி அடைபடாமல் இருக்க அதுதான் செலவில்லாத வழி.

ஆஸ்பத்திரி: எத்தனை என்று எண்ணாதீர்கள், எவ்வளவு நேரம் என்று பாருங்கள்

"பெங்களூரில் இல்லாத ஆஸ்பத்திரியா" என்பார்கள். உண்மைதான், இதயத்துக்கு ஜெயதேவா, நரம்புக்கு நிம்ஹான்ஸ், புற்றுநோய்க்கு கித்வாய் என்று அரசு சார்ந்த பெரிய இடங்களே மூன்று, நகரத்தின் தென்பக்கத்தில். ஆனால் இவை பெரும்பாலும் திட்டமிட்டுப் போகிற வைத்தியத்துக்கு. புற்றுநோய்க்குச் சிகிச்சை என்றால் தருமபுரியிலிருந்தும் வரலாம், மாதம் ஒரு முறை வந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவசரம்தான்.

மாரடைப்பில் அடைப்பை எடுக்கிற ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முதல் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்வது நல்லது. ரத்தக்கட்டியால் வருகிற பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் யாராவது இருந்தால் ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரியில் நேரில் போய்க் கேளுங்கள்: ஆஞ்சியோபிளாஸ்டி செய்கிற கேத் லேப் இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கும் அதை ஓட்ட டாக்டர் வருவாரா, இல்லையென்றால் எங்கே ரெஃபர் செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில்தான் உங்களுடைய நிஜமான ஆஸ்பத்திரி. தருமபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர் சொச்சம், நடுவில் லாரிகள் திணறுகிற தொப்பூர் கணவாய். அதே சமயம் பெங்களூரில் இருந்தால் மட்டும் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு சில்க் போர்டு வழியாக ஆம்புலன்ஸில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் வாடகைக்குப் பார்க்கிற வீட்டிலிருந்து அந்த நேரத்தில் ஒரு முறை வண்டியில் போய் மணி பாருங்கள்.

பணம் யார் கட்டுவது என்பது அடுத்தது. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். கணவன் மனைவி பிள்ளைகளோடு, உங்களை நம்பி இருக்கிற உங்கள் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். வேலை கர்நாடகத்தில், குடும்பம் தமிழ்நாட்டில் என்றாலும் குடும்பத்துக்குத் தனியாக அங்கே ஒரு இஎஸ்ஐ மருந்தகத்தைக் குறித்துக்கொள்ளலாம். சம்பளம் அதைத் தாண்டினால் இஎஸ்ஐ போய்விடும், அப்போது கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோர் சேர்கிறார்களா என்று ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது, ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். ஊரில் மாதம் 20,000 சம்பளத்தில் சேர்ந்தாலே இதற்கு வெளியே போய்விடுவீர்கள். தனி ரேஷன் கார்டு வைத்திருக்கிற வயதானவர்களை, "ஒரே கார்டாக இருக்கட்டும்" என்று பிள்ளைகளின் கார்டில் சேர்த்துவிடுவதால் அவர்களுடைய காப்பீடும் போகிறது. அவர்கள் கார்டைத் தனியாகவே விடுங்கள். கர்நாடகத்தில் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்ய கர்நாடகா இருக்கிறது. அங்கே பிபிஎல் கார்டு உள்ளவர்களுக்கு 5 லட்சம் வரை, மற்றவர்களுக்குச் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். தனியாரில் சேர, அவசரம் தவிர, அரசு ஆஸ்பத்திரியின் ரெஃபரல் வேண்டும்.

சொந்தமாக பாலிசி எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில கம்பெனிகள் ஊரைப் பொறுத்துப் பிரீமியம் வைக்கின்றன. சின்ன ஊர் முகவரியில் குறைந்த பிரீமியத்துக்கு எடுத்துவிட்டு பெங்களூரில் அட்மிட் ஆனால் பில்லில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலை: இது போனால் அடுத்தது எங்கே

சம்பளம் எவ்வளவு என்பதைவிட, இந்த வேலை போனால் வீடு மாற்றாமல் போகக்கூடிய இன்னொரு கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி, ஓசூர் என்று ஓசூர் சாலைப் பக்கம் அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் இருப்பதால், சிஎன்சி ஆபரேட்டரோ குவாலிட்டி இன்ஸ்பெக்டரோ ஒரு கேட்டில் வெளியே வந்தால் அடுத்த கேட்டில் கேட்கலாம். ஊரில் அதே சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே ஒரு கம்பெனிதான் என்றால், அந்த முதலாளி சொல்வதுதான் சம்பளம். கணினி வேலையில் வீட்டிலிருந்து வேலை என்று சொல்லி ஊரில் செட்டிலாகிறவர்களுக்கும் இதேதான், ஆபீசுக்கு வா என்று மெயில் வந்த நாளில் அடுத்த வேலை எங்கே தேடுவீர்கள்?

கூடவே, நீங்கள் கம்பெனியின் ரோலில் இருக்கிறீர்களா கான்ட்ராக்டர் ரோலிலா என்று பிஎஃப் பாஸ்புக்கில் பாருங்கள், நிறுவனத்தின் பெயர் என்று யாருடைய பெயர் வந்திருக்கிறதோ அவர்தான் உங்கள் முதலாளி. கான்ட்ராக்டர் பெயர் என்றால் குடும்பத்தோடு இடம் மாறுவதை ஒரு வருடம் தள்ளிப் போடலாம் என்பது என் கருத்து. அப்புறம், மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் அவருக்கும் இதே கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் அவருடைய வருமானம் பாதியாவதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தம்பி, சொந்த ஊர் தருமபுரி, பொம்மசந்திராவில் மெஷின் ஆபரேட்டர், கையில் 34,000 வருகிறது. மனைவி கார்மென்ட்ஸில் தையல், 13,000. மகள் ஐந்தாவது. கூடவே ஸ்டென்ட் வைத்த மாமியார். தருமபுரியில் சொந்த வீடு இருக்கிறது, அங்கே ஒரு யூனிட்டில் மாதம் 20,000 சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள்.

பெங்களூரில் வீடு, தண்ணீர் எல்லாம் 14,000. பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 6,500. சாப்பாட்டுச் செலவு 11,000, போக்குவரத்து 2,500, ஊருக்குப் போய் வர 2,000, மருந்து, போன் இன்னபிற 3,000. ஆக 39,000 போய் 47,000இல் மிச்சம் 8,000. தருமபுரியில் அவர் 20,000, மனைவி வீட்டில் தைத்து 6,000. வாடகை இல்லை, அரசுப் பள்ளி, செலவு எல்லாம் சேர்த்து 14,500தான், மிச்சம் 11,500. இதை மட்டும் பார்த்தால் ஊர்தான் ஜெயிக்கிறது, மகளுக்கு ஆறாவது முதல் அரசுப் பள்ளியும் அமைகிறது.

ஆனால் மாமியாரைப் பாருங்கள். பெங்களூரில் அவருக்குத் தன் மகளின், அதாவது அந்தத் தம்பி மனைவியின், இஎஸ்ஐ இருந்தது, ஏனென்றால் மகள் சம்பளம் 21,000க்குக் கீழே. ஊருக்குப் போனால் மகள் வேலையை விட்டதும் அது போய்விடும், மருமகனுக்கு இஎஸ்ஐ வந்தாலும் மாமியார் அதில் சேர மாட்டார். தினசரி மாத்திரைக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, ராத்திரி நெஞ்சு வலித்தால்தான் பிரச்சினை. வேலையும் ஒரே கம்பெனி.

கடைசியில் அவர்கள் பார்த்தது ஓசூர். தமிழ்நாட்டு முகவரி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, பொம்மசந்திரா அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இதயத்துக்குப் பேர் போன பெரிய ஆஸ்பத்திரி வளாகமும் அதே பொம்மசந்திராவில்தான். அவர் வேலை மாறவில்லை, மனைவிக்கு அங்கே ஒரு கார்மென்ட்ஸில் 12,000 என்றார்கள், இஎஸ்ஐயும் தொடரும். வாடகை 9,000, சாப்பாடு 10,500, போக்குவரத்து 3,500, பள்ளி 500, ஊர்ப் பயணம் 1,500, மற்றது 3,000. மொத்தம் 28,000, மிச்சம் 18,000. அட்வான்ஸும் பெங்களூர் அளவுக்குக் கேட்கவில்லை.

இது எல்லோருக்கும் பொருந்தாது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை வந்துவிட்டது என்பதற்காக, பீன்யாவிலோ ஒயிட்ஃபீல்டிலோ வேலை செய்கிறவர் ஓசூரில் வீடு எடுத்தால் நாளில் நாலு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஓசூர் வரை வருமா, அத்திப்பள்ளியோடு நின்றுவிடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியின் கம்பெனி பஸ் வந்தது, அதனால்தான் கணக்கு நின்றது.

முடிவு செய்த பிறகு கையில் இருக்க வேண்டியவை

டிசி வாங்கும்போது, மாநிலம் மாறுகிறது என்று பள்ளியில் சொல்லி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் மேலொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் பிள்ளையின் எஸ்ஏடிஎஸ் எண், தமிழ்நாட்டில் எமிஸ் எண், எது இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் மார்க் ஷீட் ஒரு நகல் எடுத்து வையுங்கள், "எந்த வகுப்பு எந்த ஊரில் படித்தது" என்று பிறகு கேட்கும்போது பள்ளியே மூடியிருக்கலாம். பெங்களூரில் பிறந்த பிள்ளையென்றால் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கிற பெயரும் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், நேட்டிவிட்டி வாங்கும்போது ஒரு இனிஷியல் மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். ரேஷன் கார்டை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம், பிள்ளை எந்த மாநிலத்தில் பன்னிரண்டாவது எழுதப் போகிறது என்பது உறுதியான பிறகு அதைச் செய்துகொள்ளலாம்.